வாடகை இனி வங்கியில்: ஒரு அறிவிப்பைத் திருத்தி எழுதுவோம்

சென்னையின் பழைய வாடகைக் கட்டிடங்களில் மாடிப்படிக்குக் கீழே, ஈ.பி. மீட்டர்கள் வரிசையாக இருக்கும் சுவர்தான் அறிவிப்புப் பலகை. தண்ணீர் லாரி வரும் நேரம், மொட்டை மாடிக் கதவைப் பூட்டும் நேரம், வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை எல்லாம் அங்கேதான் ஒட்டப்படும். இப்போது அந்த வரிசையில் இன்னொரு தாளும் சேர்ந்துகொண்டிருக்கிறது. வாடகையைக் கையில் தர வேண்டாம், செக்கும் வேண்டாம், வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள் என்கிற தாள்.

இந்த மாற்றத்தில் பெரும்பாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வரை வீடு வீடாகக் கதவைத் தட்டி, நோட்டுகளை எண்ணி, திரும்பி வந்த செக்குக்கு வங்கி பிடித்த கட்டணத்தை யாரிடம் கேட்பது என்று யோசிக்கும் வேலை வீட்டு உரிமையாளருக்கு மிச்சம். வாடகைக்கு இருப்பவருக்கும் ஆதாயம் உண்டு. ஓனர் வீட்டில் இல்லை, நாளை வாருங்கள் என்ற அலைச்சல் இல்லை. கொடுத்ததற்கு வங்கியிலேயே பதிவு இருக்கும். அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்பவர்களுக்கு அந்தப் பதிவு மிகவும் உதவும்.

இருந்தும் தாள் ஒட்டிய மறுநாளே தகராறு தொடங்குகிறது. ‘எங்களைக் கேட்காமல் எப்படி?’ என்று ஒரு வீடு, ‘எனக்கு ஜிபே தெரியாது’ என்று இன்னொரு வீடு, பணம் போட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்யும் மூன்றாவது வீடு, வரவே இல்லை என்று பாஸ்புக்கை நீட்டும் ஓனர். இதில் பாதிக்கு மேல் அந்தத் தாளை எழுதிய விதத்தில் முளைப்பவை.

இந்த வகை அறிவிப்புகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சில் இருக்கும். மாதிரிக்கு இப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

“இக்கட்டிடத்தில் குடியிருக்கும் அனைத்து வாடகைதாரர்களுக்கும் இதன் மூலம் அறிவிப்பது யாதெனில், நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு வரும் மாதம் முதல் வாடகைத் தொகை ரொக்கமாகவோ காசோலையாகவோ எக்காரணம் கொண்டும் பெறப்பட மாட்டாது. கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும். தவறும் பட்சத்தில் வாடகை செலுத்தாததாகவே கருதப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, நிர்வாகம்.”

அதன் கீழே பேனாவால் எழுதிய ஒரு கணக்கு எண். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. அவ்வளவுதான்.

இந்தத் தாளை திருவல்லிக்கேணியில் 14 வீடுகள் கொண்ட ஒரு கட்டிடத்தின் சுவரில் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொண்டு, நான்கு வீடுகளின் கண்ணால் படித்துப் பார்க்கலாம். 3-ஆம் எண் வீட்டில் ஐ.டி. வேலைக்குப் போகும் தம்பதி. 7-இல் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற அம்மா. அவருக்கு வாடகை கட்டுவது புனேயில் இருக்கும் மகன். 9-இல் இருப்பவர் ஆறு மாத வாடகைக்குப் பின்தேதியிட்ட செக்குகளை ஏற்கெனவே கொடுத்துவைத்திருக்கிறார். 11-இல் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் குடும்பம். அவர்களுக்கு வருமானம் தினமும் ரொக்கமாகத்தான் வரும்.

நால்வருக்கும் முதலில் எழும் கேள்வி ஒன்றே: ‘வரும் மாதம்’ என்றால் எந்த மாதம்? தாளில் தேதி இல்லை. 28-ஆம் தேதி ஒட்டினால் மூன்று நாளில் நடைமுறை. மூன்றாம் தேதி ஒட்டினால் கிட்டத்தட்ட ஒரு மாதம் இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல். சில வீடுகளில் ஜூலை வாடகையை ஜூலை 5-க்குள் கொடுப்பார்கள். சில வீடுகளில் ஜூலை முழுக்கக் குடியிருந்துவிட்டு ஆகஸ்ட் 5-க்குள் கொடுப்பார்கள். ஒரே கட்டிடத்திலேயே இரண்டு வழக்கமும் இருக்கும். ஆகவே மாதத்தின் பெயரோடு கடைசித் தேதியையும் எழுதாவிட்டால் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான மாதத்தை எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது கையெழுத்து. ‘நிர்வாகம்’ என்று ஒரு ஆள் இல்லை. சந்தேகம் கேட்க ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் வேண்டும். அது மரியாதைக்காக மட்டும் கேட்பது இல்லை. பாதுகாப்புக்கும் அது அவசியம். அதைப் பிறகு பார்ப்போம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

‘எக்காரணம் கொண்டும் பெறப்பட மாட்டாது’ என்று ஓனர் தன்னிச்சையாக அறிவித்துவிட முடியுமா?

தமிழ்நாட்டில் வாடகை உறவுகளுக்கான இப்போதைய சட்டம் 2017-இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம் அது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. வாடகை கொடுத்தவருக்கு ரசீது பெறும் உரிமையும், ஓனர் வாங்க மறுத்தால் அந்தத் தொகையை வாடகை அதிகாரியிடம் செலுத்தும் வழியும் அதில் இருக்கின்றன.

ஆகவே எல்லாம் ஒப்பந்தத்தில் போய் நிற்கிறது. வாடகையை எப்படிச் செலுத்துவது என்று அதில் எழுதியிருந்தால், அதை மாற்ற இரு தரப்பின் சம்மதமும் தேவை. சுவரில் ஒட்டிய ஒரு தாளால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மாறிவிடாது. ‘ரொக்கமாகவோ செக்காகவோ’ என்று ஒப்பந்தத்தில் இருக்க, ஐந்தாம் தேதி செக்கை நீட்டுகிறவரைப் பார்த்து ‘நீங்கள் வாடகை கட்டவே இல்லை’ என்று சொல்வது நீதிமன்றத்தில் நிற்கும் வாதம் இல்லை. ‘கருதப்படும்’ என்ற மிரட்டலால் ஓனருக்கு லாபமும் இல்லை. இணங்க இருந்தவரையும் முறைத்துக்கொள்ள வைப்பதுதான் அதனால் நடக்கும் ஒரே காரியம்.

நடைமுறையில் இதற்கு எளிய வழி இருக்கிறது. ஊரில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்குத்தான் போடப்படுகின்றன. புதுப்பிக்கும்போது வங்கிப் பரிமாற்றம் என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும். அதுவரை காத்திருக்க முடியாதென்றால், அறிவிப்பின் இரண்டாவது பிரதியில் ‘சம்மதம்’ என்று கையெழுத்து வாங்கி ஒப்பந்தத்தோடு இணைத்துவைக்கலாம். சுவரில் ஒட்டுவதைவிட வீட்டுக்கு ஒரு பிரதி கையில் கொடுப்பது நல்லது என்பதற்கு இது முதல் காரணம்.

இந்த விஷயத்தில் எல்லா ஊர்ச் சட்டமும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மின்னணுப் பரிமாற்றத்தை மட்டுமே ஓனர் கேட்க முடியாது. ரொக்கமும் மின்னணு முறையும் அல்லாத இன்னொரு வழியையும், அதாவது செக் போன்ற ஒன்றை, அவர் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். அங்கே வெளிவரும் மாதிரி அறிவிப்புகளை இணையத்திலிருந்து எடுத்துத் தமிழாக்கி ஒட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவை அந்த ஊர்ச் சட்டத்துக்காக எழுதியவை.

ரசீது விஷயம்தான் பழைய தாளின் பெரிய மௌனம். வங்கியில் போட்ட பிறகு ரசீது எதற்கு என்று ஓனர்கள் நினைக்கிறார்கள். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், மின்னணு முறையில் செலுத்தினால் வங்கியின் ஒப்புகையே முடிவான சான்று என்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்கு முன்மாதிரி மட்டுமே. 3-ஆம் எண் வீட்டுத் தம்பதிக்கு அலுவலகத்தில் ரசீது கேட்பார்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணையும் கேட்பார்கள். ஆகவே ரசீது எப்போது, எப்படிக் கிடைக்கும் என்று அறிவிப்பு சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு ரசீது அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது.

யார் கணக்கு?

பழைய தாளில் கணக்கு எண் இருக்கிறது, கணக்கு யார் பெயரில் என்பது இல்லை. இது சின்ன விடுபடல் போலத் தோன்றும். உண்மையில் பணம் தவறிப்போகும் ஓட்டை இதுதான்.

நெஃப்ட் மூலம் பணம் அனுப்பும்போது பெறுகிறவர் பெயரையும் அடிக்கிறோம். அந்தப் பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று வங்கி பார்த்துக்கொள்ளும் என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் பெறும் வங்கி கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்பது 2010 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. ஒரு இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் அவரிடம் போய்ச் சேரும். அப்படிக் கணக்கே இல்லையென்றால் பணம் திரும்பி வந்துவிடும், அது அதிர்ஷ்டம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் எண்ணை அடித்ததும் கணக்குதாரரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவரும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் அறிவிப்பில் பெயர் இல்லாவிட்டால், திரையில் தெரியும் பெயர் சரியா தவறா என்று குடியிருப்பவருக்கு எப்படித் தெரியும்?

எனவே பாஸ்புக்கில் உள்ளபடி முழுப் பெயர், எழுத்து மாறாமல் வேண்டும். எல்லோரும் ‘மாமி’ என்றோ ‘பாய்’ என்றோ கூப்பிடும் ஓனரின் பெயர் பாஸ்புக்கில் இனிஷியலோடு வேறு மாதிரி இருக்கலாம். கணக்கு எண்ணைப் பேனாவால் எழுதாமல் அச்சிட வேண்டும். 1-உம் 7-உம் கையெழுத்தில் குழம்பும். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் 11 இடங்கள். ஐந்தாவது இடத்தில் இருப்பது எப்போதும் பூஜ்யம், ஆங்கில ‘ஓ’ இல்லை. வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்த பிறகு பழைய குறியீடுகள் பல மாறிவிட்டன. பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதாமல் வங்கியில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்கு ஓனர் பெயரில் இல்லாமல் மகன் பெயரிலோ மருமகள் பெயரிலோ இருந்தால், அதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். ஒப்பந்தம் ஒருவர் பெயரில், பான் அவருடையது, பணம் போவது இன்னொருவர் கணக்கு என்றால் வரிச்சலுகை கேட்கும் குடியிருப்பவரிடம் அலுவலகம் கேள்வி கேட்கும். ஓனருக்கும் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கூடுமானவரை ஒப்பந்தத்தில் இருப்பவரின் கணக்கையே கொடுப்பது இரு பக்கமும் தலைவலி இல்லாத வழி. வங்கியில் வந்தால் வருமான வரிக்காரர்கள் பார்ப்பார்களே என்று தயங்கும் ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரொக்கமாக வாங்கினாலும் அது வருமானம்தான் என்பது ஒருபுறம் இருக்க, வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக் கழிவாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டமே அனுமதிக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான கிளைக்கதை உண்டு. சென்னையின் பல வீடுகள் இன்று வெளிநாட்டில் குடியேறிய பிள்ளைகள் பெயரில் இருக்கின்றன. அப்பா காலமானதும் ‘இனி இந்தக் கணக்கில் போடுங்கள்’ என்று வரும் அறிவிப்பில் ‘என்.ஆர்.ஓ. கணக்கு’ என்று இருந்தால் குடியிருப்பவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். உள்நாட்டில் வசிக்கும் ஓனருக்குத் தனிநபர் கொடுக்கும் வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வரி பிடிக்கும் பொறுப்பு வரும். அதுவும் 2024 அக்டோபர் முதல் 2 சதவீதம்தான். ஓனர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த வரம்பு இல்லை. 15,000 ரூபாய் வாடகையிலும் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது குடியிருப்பவரின் கடமையாகிவிடுகிறது. பிடிக்காமல் முழுத் தொகையையும் அனுப்பிவிட்டால், பிறகு வரித்துறை கேட்பது அவரிடம்தான். வெளிநாட்டு ஓனர்கள் தங்கள் அறிவிப்பில் இதை ஒரு வரியில் சொல்லி, தங்கள் ஆடிட்டரின் நம்பரையும் கொடுப்பதே நியாயம். வெறும் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை.

யார் போட்ட பணம்?

முதல் மாதம் முடிந்து ஓனர் பாஸ்புக்கைப் பார்க்கிறார். ஒன்பதாயிரத்து ஐந்நூறு, ஒன்பதாயிரத்து ஐந்நூறு, பத்தாயிரத்து இருநூறு, ஒன்பதாயிரத்து ஐந்நூறு. ஒரே தொகை அனுப்பிய வீடுகள் மூன்று. 7-ஆம் எண் வீட்டு வாடகை, இதுவரை கேள்விப்படாத ஒரு பெயரில் வந்திருக்கிறது. அது புனேயில் இருக்கும் மகனின் பெயர். 3-ஆம் எண்ணிலிருந்து வந்தது கணவன் கணக்கிலிருந்தா மனைவி கணக்கிலிருந்தா? ஒருவர் வாடகையோடு தண்ணீர்க் கட்டணத்தையும் இரண்டு மாத ஈ.பி. தொகையையும் சேர்த்து அனுப்பிவிட்டார். கூடுதலாக வந்த 700 ரூபாய் எதற்கு என்று ஓனருக்குப் புரியவில்லை.

ரொக்க காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. முகம் தெரியும், நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வங்கிப் பதிவில் முகம் இல்லை. அதனால் அறிவிப்பு ஒரு அடையாளத்தை வகுத்துக் கொடுக்க வேண்டும். பணம் அனுப்பும் திரையில் ‘ரிமார்க்ஸ்’ அல்லது ‘நோட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வீட்டு எண்ணையும் மாதத்தையும் அடிக்கச் சொன்னால் போதும்: `7 AUG`. கோடு, சாய்கோடு, சிறப்புக் குறி எதுவும் வேண்டாம். சில வங்கிகளின் திரை அவற்றை ஏற்காது. இந்தக் குறிப்பு எல்லா வங்கியின் கணக்கு அறிக்கையிலும் முழுசாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆகவே அனுப்பிய பிறகு பரிவர்த்தனை எண்ணை ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பச் சொல்லலாம். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கும் செயலிகள் உலவுகின்றன; எண் இருந்தால் வங்கியில் தேடிப் பார்க்கலாம்.

தேதிக்கும் ஒரு விதி தேவை. நெஃப்ட் 2019 டிசம்பர் முதல் ஞாயிறு, பண்டிகை பாராமல் 24 மணி நேரமும் இயங்குகிறது. அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் பணம் நகரும். இருந்தாலும் ஐந்தாம் தேதி இரவு 11.50-க்கு அனுப்பியது ஆறாம் தேதி வரவாகலாம். யு.பி.ஐ.யில் சில சமயம் அனுப்பியவர் கணக்கில் கழிந்து, பெற்றவர் கணக்கில் சேராமல் நடுவில் நிற்கும். ரிசர்வ் வங்கி 2019-இல் வகுத்த காலக்கெடுப்படி, அப்படித் தோல்வியுற்ற தொகை மறுநாளுக்குள் அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதைத் தெரிந்துகொண்ட ஓனர், பணம் கழிந்த தேதியே வாடகை கொடுத்த தேதி என்று ஒரு வரி சேர்ப்பார். திரும்பி வந்துவிட்டால் இரண்டு நாளில் மறுபடி அனுப்பச் சொல்வார். இந்த இரண்டு வாக்கியங்கள் இல்லாமல் போனதால் வந்த சண்டைகள் கொஞ்சமில்லை.

பூக்கடைக்காரர் என்ன செய்வார்?

11-ஆம் எண் வீடு. பழைய தாளின் ‘மட்டுமே’ இவர்கள் மீதுதான் விழுகிறது. வங்கிக் கணக்கு இருக்கலாம், ஆனால் வருமானம் முழுக்க ரொக்கம். மாதம் 9,500 ரூபாயை வாடகைக்காகச் சேர்த்து வைக்கிறார்கள். அதை அனுப்புவதற்கு முதலில் கணக்கில் போட வேண்டும். கியூ.ஆர். அட்டையில் பூவுக்குப் பணம் வாங்கப் பழகியவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. பழகாதவர்களுக்கு?

வங்கிக் கணக்கே இல்லாதவரும் எந்த நெஃப்ட் கிளைக்கும் போய் 50,000 ரூபாய்க்குள் ரொக்கத்தைக் கட்டி, இன்னொருவர் கணக்குக்கு அனுப்பலாம். அடையாளச் சான்றும் போன் நம்பரும் கேட்பார்கள். கிளையில் செய்யும் நெஃப்டுக்கு ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்சக் கட்டணம் பத்தாயிரம் ரூபாய் வரை இரண்டரை ரூபாய், ஒரு லட்சம் வரை ஐந்து ரூபாய்; ஜி.எஸ்.டி. தனி. இணையம் அல்லது செயலி வழியாகச் சேமிப்புக் கணக்கிலிருந்து அனுப்பினால் கட்டணமே இல்லை. ஓனர் கணக்கில் நேரடியாக ரொக்கம் போடுவதும் ஒரு வழிதான். ஆனால் சில வங்கிகள் பிறர் கணக்கில் ரொக்கம் போட வரம்பும் கட்டணமும் வைத்திருக்கின்றன. தன் கிளையில் கேட்டுவிட்டு அதை எழுதுவது ஓனரின் வேலை.

இதெல்லாம் முடியாதவருக்கு மூன்று மாத அவகாசம் கொடுங்கள். ரொக்கத்தை ரசீதோடு வாங்கிக்கொள்ளுங்கள். 14 வீடுகளில் அப்படி ஒன்றோ இரண்டோ இருக்கும். அந்த இரண்டு வீட்டுக்காக ஓனரின் நேரம் மாதம் பத்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

9-ஆம் எண் வீட்டின் செக்குகளைப் பழைய தாள் முழுக்க மறந்தேவிட்டது. கையில் ஆறு செக் இருக்கிறது. ஆகஸ்ட் வாடகையை அவர் வங்கியில் போடுகிறார். ஓனரின் மகன் தெரியாமல் ஆகஸ்ட் செக்கையும் வங்கியில் கொடுத்துவிடுகிறான். இரட்டை வாடகை போகும், இல்லை கணக்கில் பணம் போதாமல் செக் திரும்பும். திரும்பிய செக் கிரிமினல் வழக்குவரை போகக்கூடிய விஷயம். ஆகவே பயன்படுத்தாத செக்குகளை எந்தத் தேதிக்குள் திருப்பித் தருவோம் என்று அறிவிப்பிலேயே எழுத வேண்டும். திருப்பித் தரும்போது செக் எண்களை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருடன் எழுதும் அறிவிப்பு

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்’ என்பது இன்றைய மோசடிக்காரர்களின் பிடித்தமான வாக்கியங்களில் ஒன்று. ஓனரின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு புதிய எண்ணிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் போதும். சுவரில் ஒட்டிய கியூ.ஆர். குறியீட்டின் மேல் இன்னொன்றை ஒட்டிவிட்டுப் போவதும் கடைகளில் நடந்த தந்திரம்தான். மாடிப்படிச் சுவர் எல்லோரும் நடமாடும் இடம்.

இதனால்தான் கணக்கு விவரம் சுவரில் இருக்கக் கூடாது. கையெழுத்திட்ட தாளாக வீட்டுக்குள் போக வேண்டும். மாற்றம் வருகிறது என்ற செய்தியை மட்டும் சுவரில் ஒட்டலாம். பின்னால் கணக்கு மாறினால் போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்ல மாட்டோம், நேரில் கையெழுத்திட்ட தாள் கொடுத்த பிறகுதான் மாற்றுவோம் என்பதையும் முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க அந்தச் சில மணி நேரம்தான் வாய்ப்பு.

திருத்திய தாள்

இத்தனையையும் ஒரே பக்கத்தில் அடக்க முடியுமா? முடியும். அந்தக் கட்டிடத்தின் மாதிரி அறிவிப்பு இப்படி மாறும்.

“தேதி: 2.6.2026

பெறுநர்: வீட்டு எண் 7-இல் குடியிருப்பவருக்கு

வணக்கம். ஆகஸ்ட் 2026 மாத வாடகை முதல் வங்கிப் பரிமாற்றமாக அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். கடைசித் தேதி வழக்கம்போல் அந்த மாதம் 5-ஆம் தேதிதான். ஜூலை வாடகையை இப்போதுபோலவே ரொக்கமாகவோ செக்காகவோ தரலாம். வாடகைத் தொகையில் மாற்றம் இல்லை. எனக்கு வயதாகிவிட்டதால் வீடு வீடாக வந்து வாங்குவது சிரமமாக இருக்கிறது. கணக்கு எழுதுவதும் இதனால் எளிதாகும்.

கணக்கின் பெயர், எண், வங்கி, கிளை, ஐ.எஃப்.எஸ்.சி. விவரங்கள் கீழே அச்சிடப்பட்டுள்ளன. நம் ஒப்பந்தத்தில் உள்ள என் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. முதல் முறை 100 ரூபாய் மட்டும் அனுப்பி, எனக்குப் போன் செய்து உறுதி செய்த பிறகு மீதியை அனுப்புங்கள்.

அனுப்பும்போது குறிப்பில் 7 AUG என்பதுபோல் வீட்டு எண்ணும் மாதமும் அடியுங்கள். உங்கள் மகனோ வேறு யாரோ அனுப்பினாலும் இதே குறிப்புதான். இந்தக் கணக்குக்கு வாடகை மட்டும் அனுப்புங்கள், ஈ.பி., தண்ணீர்க் கட்டணம் இப்போதுபோலவே தனி.

உங்கள் கணக்கில் பணம் கழிந்த தேதியையே வாடகை செலுத்திய தேதியாக எடுத்துக்கொள்வேன். பணம் திரும்பி வந்தால் இரண்டு நாளில் மறுபடி அனுப்பினால் போதும். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் ரசீது அனுப்புவேன்.

பின்தேதியிட்ட செக்குகள் என்னிடம் இருந்தால் ஜூலை 20-க்குள் திருப்பித் தருகிறேன். வங்கி வழியாக அனுப்புவது சிரமம் என்றால் ஜூலை 15-க்குள் சொல்லுங்கள். அக்டோபர் வரை ரொக்கமாக வாங்கிக்கொண்டு ரசீது தருகிறேன்.

கணக்கு எண்ணை மாற்றுவதாகப் போனிலோ வாட்ஸ்அப்பிலோ எப்போதும் சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தி வந்தால் பணம் அனுப்பாமல் என்னை நேரில் கேளுங்கள்.

சம்மதம் என்றால் இரண்டாவது பிரதியில் கையெழுத்திட்டுத் தாருங்கள். ஒப்பந்தத்தோடு சேர்த்து வைப்போம்.”

கீழே ஓனரின் பெயர், கையெழுத்து, எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கும் அவருடைய பழைய போன் நம்பர். புதிய நம்பர் கொடுத்தால் மோசடித் தாளுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

பழையதைவிட இது நீளம். ஆனால் பழைய தாளைப் படித்தவர் நான்கு முறை படியேறி ஓனரிடம் கேட்கப் போன கேள்விகளுக்கு இதில் பதில் இருக்கிறது. ‘நடவடிக்கை’ என்ற வார்த்தை எங்கும் இல்லை, ஆனாலும் யாருக்கும் எதுவும் விட்டுக்கொடுக்கவில்லை. வாடகை தராதவர் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கை ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. அதை இங்கே மறுபடி எழுதுவது, ஒழுங்காக வாடகை தரும் 13 வீடுகளை அவமதிப்பது.

அந்த 100 ரூபாய் யோசனையை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் தாமே வரம்பு வைக்கின்றன. ஐந்தாம் தேதி காலையில் முதல்முறையாகக் கணக்கைச் சேர்த்துவிட்டு அன்றே முழு வாடகையையும் அனுப்ப முயல்பவர் அந்த வரம்பில் மாட்டிக்கொள்ளலாம். ஜூலை மாதத்திலேயே 100 ரூபாய் அனுப்பிப் பார்த்துவிட்டால் ஆகஸ்டில் பதற்றம் இருக்காது. எண் தவறாக இருந்தாலும் போவது நூறோடு போகும்.

ஓனர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 14 பிரதிகளையும் அச்சடிக்கும் முன், ஒருவர் பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்கு எண்ணை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் அச்சான தாளில் இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். குடியிருப்பவர்களுக்கு: திரையில் தெரியும் பெயரும் தாளில் உள்ள பெயரும் பொருந்தும்வரை ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள்.